படுக்கவைத்து எடுத்த நெஞ்சுப் படத்தில் காற்று எங்கே ஒளிகிறது?

நெஞ்சில் அடிபட்டு வந்தவருடைய எக்ஸ்ரே கைக்கு வந்ததும் நுரையீரலைத் தேடாதீர்கள். அந்தப் படத்தை நிற்கவைத்து எடுத்தார்களா, படுக்கவைத்து எடுத்தார்களா என்று முதலில் பாருங்கள். நுரையீரல் சுருங்கியிருக்கிறதா என்ற கேள்விக்கு இந்த இரண்டு படங்களும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. நிற்கவைத்து எடுத்த படத்தில் 'ஒன்றும் இல்லை' என்றால் பெரும்பாலும் நம்பலாம். படுக்கவைத்து எடுத்த படத்தில் 'ஒன்றும் இல்லை' என்றால் அதற்கு 'இன்னும் தெரியவில்லை' என்று மட்டுமே பொருள்.

ராமநாதபுரம் கடற்கரையில் இரண்டு வகைப் படமும் தினமும் வரும். விசைப்படகில் வின்ச் கயிறு அறுந்து நெஞ்சில் அடித்தவரும், படகு விளிம்பில் விலா மோத விழுந்தவரும் பெரும்பாலும் தன் காலால் நடந்தே எக்ஸ்ரே அறைக்கு வந்துவிடுவார்கள். அவர்களை நிற்கவைத்துப் படம் எடுக்கலாம். சாயல்குடி, கடலாடிப் பக்கம் பதநீர்க் காலத்தில் பனையிலிருந்து விழுந்து வருகிறவர் அப்படியில்லை. கழுத்தில் காலர் மாட்டி, பலகையில் படுக்கவைத்துத்தான் 108-லிருந்து இறக்குவார்கள். முதுகெலும்பு உடையவில்லை என்று உறுதியாகும்வரை அவரை உட்காரவைக்கக் கூடாது. ஆகவே அவருடைய முதல் படம் படுத்த நிலைப் படமாகத்தான் இருக்கும். நுரையீரல் கிழிய அதிக வாய்ப்புள்ளவர் அவர்தான், அதைக் காட்டுவதில் ஆகப் பலவீனமான படம் கிடைப்பதும் அவருக்குத்தான்.

நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய உறை இருக்கிறது. நெஞ்சுச் சுவரின் உள்பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் ஒட்டினாற்போல் இருக்கும், நடுவே கொஞ்சம் ஈரம் மட்டும். நுரையீரலுக்கு எப்போதும் சுருங்கிக்கொள்ளும் இயல்பு உண்டு. இந்த ஒட்டுதல்தான் அதை விரித்து வைத்திருக்கிறது. உடைந்த விலாவின் முனை நுரையீரலைக் கிழித்தாலோ, அடியின் அழுத்தத்தில் நுரையீரலே வெடித்துக் கசிந்தாலோ, உறைகளுக்கு நடுவே காற்று புகுந்துவிடும். ஒட்டுதல் விட்டுப்போய் நுரையீரல் உள்வாங்கும். இதைத்தான் ஆஸ்பத்திரியில் நிமோதொராக்ஸ் என்கிறார்கள்.

நிற்பவரிடம் இந்தக் காற்று மேலே ஏறி, காறை எலும்புக்கு அடியில் நுரையீரலின் உச்சியில் போய் நிற்கும். அங்கே நுரையீரலின் ஓரம் எக்ஸ்ரே கதிருக்குப் பக்கவாட்டில் அமைகிறது. கதிர் அந்த ஓரத்தை உரசிக்கொண்டு போவதால் படத்தில் முடி போல மெல்லிய வெள்ளைக்கோடு விழும். கோட்டுக்கு உள்ளே ரத்தக்குழாய்கள் கிளை கிளையாகத் தெரியும். வெளியே நெஞ்சுச் சுவர் வரைக்கும் வெறும் கறுப்பு. கோடும், அதற்கு வெளியே குழாய்கள் இல்லாததும் சேர்ந்து இருந்தால்தான் அது நிமோதொராக்ஸ்.

அதே ஆள் மல்லாந்து படுத்தால் நெஞ்சுக்குள் உயரமான இடம் மாறிவிடுகிறது. இப்போது உச்சி என்பது காறை எலும்புப் பக்கம் அல்ல, முன்பக்கம், கீழே, உதரவிதானத்தை ஒட்டிய இடம். காற்று அங்கே போய்ச் சேரும். நுரையீரல் பின்னால், முதுகுப் பக்கம் சரியும். கதிர் மேலிருந்து கீழே வரும்போது முதலில் காற்றையும், பிறகு நுரையீரலையும் கடக்கிறது. உரசிப் போக ஓரம் எதுவும் கிடைப்பதில்லை. அதனால் கோடு விழுவதில்லை, கோட்டுக்கு வெளியே இருக்கவேண்டிய வெறும் கறுப்பும் தெரிவதில்லை. நுரையீரலின் கிளைகள் நெஞ்சுச் சுவர் வரை நன்றாக ஓடுவதுபோலவே படம் காட்டும். சி.டி ஸ்கேனில் தெரியும் நிமோதொராக்ஸ்களில் ஏறக்குறைய பாதியைப் படுத்த நிலைப் படம் தவறவிடுகிறது. பார்ப்பவரின் கண்ணில் கோளாறு இல்லை, படத்தின் அமைப்பே அப்படி.

கோடு இல்லாவிட்டாலும் காற்று தடயம் விட்டுவைக்கும். அதைத் தேட வேண்டிய இடம் படத்தின் கீழ்ப்பாதி. ஒரு மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

நாற்பது வயதுப் பனையேறி. இருபதடி உயரத்திலிருந்து வலப்பக்கமாக விழுந்து, விலா ஒரு பழைய பனந்தூரில் மோதியிருக்கிறது. நினைவு தெளிவாக இருக்கிறது, பேசுகிறார், ஆனால் ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் ஒருமுறை மூச்சு வாங்குகிறார். ரத்த அழுத்தம் 124/80, நாடி 108, மூச்சு நிமிடத்துக்கு 26, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 93. வலப்பக்க விலாவைத் தொட்டால் முகம் சுளிக்கிறார். பலகையில் படுத்தபடியே நெஞ்சுப் படம் எடுத்தாகிவிட்டது. முதல் பார்வையில் இருபக்கமும் நுரையீரல் விரிந்திருக்கிறது, கோடு இல்லை, இதயம் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது.

இதயம் பெரிதாகத் தெரிவதை உடனே ஒதுக்கிவிடலாம். நிற்கவைத்து எடுக்கும்போது கதிர் முதுகில் நுழைந்து நெஞ்சு வழியே வெளியேறும், எக்ஸ்ரே குழாய் ஆறடி தூரத்தில் இருக்கும். படுக்கவைத்து எடுக்கும்போது கதிர் முன்னாலிருந்து வருகிறது, தூரமும் ஏறக்குறைய மூன்றேகால் அடிதான். இதயம் ஃபிலிம் வைக்கும் கேசட்டிலிருந்து தள்ளி இருப்பதால் நிழல் பெருக்கும். அது நோய் அல்ல.

அடுத்து, ஆள் நேராகப் படுத்திருந்தாரா என்று பாருங்கள். இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் நடுவில் உள்ள முதுகெலும்பு முள்ளிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒருபக்கம் திரும்பிப் படுத்திருந்தால் ஒரு நுரையீரல் சும்மாவே அதிகக் கறுப்பாகத் தெரியும், பிறகு நாம் சொல்லப்போகும் எதற்கும் பொருள் இல்லாமல் போய்விடும். இவர் நேராகத்தான் படுத்திருக்கிறார்.

இப்போது கீழே வாருங்கள். உதரவிதானமும் விலாச் சுவரும் சந்திக்கும் கூர்மையான மூலை இருபக்கமும் உண்டு. இவருக்கு இடது மூலை வழக்கமான இடத்தில் முடிகிறது. வலது மூலை அதைவிடக் கீழே இறங்கி, வயிற்றுப் பக்கமாக நீண்டு, நல்ல கறுப்பாக இருக்கிறது. முன்பக்கம் தேங்கிய காற்று அந்த மூலைக்குள் இறங்கி உதரவிதானத்தைக் கீழே தள்ளுவதால் வருவது இது. 'ஆழ்ந்த மூலை' என்று இதைச் சொல்லலாம். கதிரியக்க மருத்துவர்கள் இந்த அடையாளத்தை 1980-லேயே தனியாகப் பதிந்து பெயரிட்டுவிட்டார்கள். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இது தவறிப்போவதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு: படத்தில் அந்த மூலையே இருப்பதில்லை.

படுத்த நிலையில் எடுக்கும்போது பலகைக்கு அடியில் கேசட்டை நுழைக்க வேண்டும். காலர் தடுக்கிறது, ஆளைத் தூக்க முடியாது, கேசட் கொஞ்சம் மேலே நின்றுவிடுகிறது. இரண்டு மூலைகளும் வெட்டுப்பட்டுப் போகின்றன. நெடிய நெஞ்சுள்ள பனையேறிக்கும் கடலோடிக்கும் இது அடிக்கடி நடக்கும். 14×17 அங்குல கேசட்டை நெடுக்காக வைத்து, கீழ் விளிம்பு கடைசி விலாவுக்குக் கீழே ஒரு கையகலம் இறங்கியிருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்தால் போதும். "அண்ணே, மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்று சொல்லிவிட்டுச் சுவிட்சை அழுத்துபவர், அந்த ஒரு கையகலத்தையும் பார்த்துக்கொண்டால் காசுவாலிட்டி டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். மூலை வெட்டுப்பட்ட படத்தை 'நார்மல்' என்று எழுதுவதைவிட, மறுபடி எடுக்கச் சொல்வது நல்லது.

இதே தவறு வாட்ஸ்ஆப்பிலும் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நுரையீரல் மட்டும் தெரியும்படி போட்டோ எடுத்து, மதுரைக்கு அனுப்புகிறார்கள். கீழ் மூலைகள் போட்டோவுக்கு வெளியே. மெல்லிய கோடு இருந்தாலும் போன் அதைச் சுருக்கிக் கரைத்துவிடும். அனுப்புவதானால் ஃபிலிமின் நான்கு ஓரமும் தெரிய ஒரு படம், இரண்டு உச்சிகளும் நெருக்கமாக ஒரு படம், இரண்டு கீழ் மூலைகளும் நெருக்கமாக ஒரு படம் என்று அனுப்ப வேண்டும். படுக்கவைத்து எடுத்ததா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதை எழுதாத போட்டோவைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நம் பனையேறியின் படத்துக்குத் திரும்புவோம். ஆழ்ந்த மூலை ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. பல வருடம் பீடி புகைத்து நுரையீரல் ஊதிப்போனவருக்கும் மூலைகள் ஆழமாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் இருக்கும். ஒருபக்கம் மட்டும் ஆழம் என்றால் துணைச் சாட்சி தேட வேண்டும். இவருக்கு மூன்று கிடைக்கின்றன. கல்லீரல் இருக்கும் வலது மேல்வயிறு சீரான வெண்சாம்பலாக இருக்க வேண்டும். இங்கே அதன் மேல்பகுதியில் ஒரு கறுப்புத் திரை விழுந்தாற்போல் இருக்கிறது. அது வயிற்றில் இல்லை, கல்லீரலுக்கு முன்னால் நெஞ்சுக்குள் தேங்கிய காற்றின் நிழல். இரண்டாவதாக, இதயத்தின் வலது ஓரமும் உதரவிதானமும் கத்தியால் கீறியதுபோல் கூர்மையாகத் தெரிகின்றன. காற்று நேராக அவற்றை ஒட்டி நிற்கும்போதுதான் இந்தக் கூர்மை வரும். உதரவிதானத்தின் முன்விளிம்பும் மேல்வளைவும் தனித்தனியாக இரண்டு கோடுகளாகத் தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மூன்றாவது சாட்சி நெஞ்சுக்கு வெளியே இருக்கிறது. வலது அக்குளுக்குக் கீழே, தோலுக்கும் விலாவுக்கும் நடுவிலுள்ள சதையில் மெல்லிய கறுப்புக் கீற்றுகள். தோலுக்கடியில் காற்று கசிந்திருக்கிறது. அந்த இடத்தை விரலால் அழுத்தினால் நறநறவென்று உணரலாம். வெளியே குத்துக் காயம் எதுவும் இல்லாதபோது அந்தக் காற்று நுரையீரலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். விலா உடைந்த பக்கத்தில் தோலுக்கடியில் காற்று இருந்தால், படத்தில் கோடு தெரியாவிட்டாலும் நிமோதொராக்ஸ் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இந்தச் சாட்சியைத்தான் நான் எல்லாவற்றையும்விட நம்புவேன். ஏனென்றால் விரலும் படமும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன.

ரத்தமும் சேர்ந்து கசிந்திருந்தால் படுத்த நிலைப் படம் இன்னும் குழப்பும். நிற்பவருக்கு 200 முதல் 300 மில்லி ரத்தம் இருந்தாலே கீழ் மூலை மழுங்கிவிடும். காற்றும் ரத்தமும் சேர்ந்திருந்தால் தராசு முள் போல நேரான கிடைக்கோடு ஒன்று விழும், அதைத் தவறவிட முடியாது. படுத்தவருக்கோ ரத்தம் முதுகுப் பக்கம் முழுவதும் பரவி, அந்தப் பக்க நுரையீரல் லேசாக வெளுத்திருப்பது மட்டுமே அடையாளம். முன்னால் உள்ள காற்று கறுப்பாக்குகிறது, பின்னால் உள்ள ரத்தம் வெளுப்பாக்குகிறது. ஒன்றை மற்றொன்று மறைத்து, படம் ஏறக்குறைய சாதாரணமாகவே தெரியக்கூடும். ஆள் மூச்சு வாங்குகிறார், படம் நன்றாக இருக்கிறது என்றால் படத்தை நம்பாதீர்கள்.

இந்த நேரத்தில் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தே செய்யக்கூடியது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். படுத்தவருக்குக் காற்று முன்னால்தான் இருக்கும் என்பதால் புரோபை முன்நெஞ்சில், மூன்றாம் நான்காம் விலாக்களின் இடுக்கில் நெட்டுக்குத்தாக வைக்க வேண்டும். மேலும் கீழும் இரண்டு விலாக்களின் நிழல், நடுவே ஒரு பளிச்சென்ற வெள்ளைக்கோடு தெரியும். நல்ல நுரையீரலில் அந்தக் கோடு மூச்சோடு முன்னும் பின்னும் மினுமினுவென்று வழுக்கும். காற்று புகுந்திருந்தால் கோடு அசையாமல் நிற்கும். அசைவு நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, பழைய காசநோயில் உறைகள் ஒட்டிப்போனவருக்கும் வழுக்காது. அதனால் புரோபைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போய், அசைவு தொடங்கும் இடத்தைத் தேட வேண்டும். ஒரே இடத்தில் மூச்சுக்கு மூச்சு அசைவு வந்தும் போயும் காட்டினால் அங்கேதான் நுரையீரல் சுவரைத் தொடுகிறது. அது கிடைத்துவிட்டால் நிமோதொராக்ஸ் உறுதி. அதே புரோபைக் கொண்டு கல்லீரலைச் சுற்றியும் பார்த்துவிடலாம். வலப்பக்கம் ஒன்பதாவது விலாவுக்குக் கீழே அடிபட்டவருக்குக் கல்லீரலும், இடப்பக்கம் என்றால் மண்ணீரலும் கிழிந்திருக்கலாம். இதை எக்ஸ்ரே சொல்லாது.

இப்போது விலாக்களுக்கு வருவோம். நெஞ்சுப் படம் நுரையீரலுக்காக எடுக்கப்படுவது. எலும்புக்காக அல்ல. உடைந்த விலாக்களில் ஏறக்குறைய பாதியை அது காட்டாது. காரணம் வளைவு. விலா முதுகிலிருந்து பக்கவாட்டில் வளைந்து முன்னால் வருகிறது. அதிகம் உடைவது நான்காவதிலிருந்து ஒன்பதாவது வரை, அதுவும் பக்கவாட்டில், வளைவு கடுமையாக இருக்கும் இடத்தில். சரியாக அந்த இடத்தில்தான் எலும்பு தன் மேலேயே மடிந்து நிழல் விழுகிறது. கீறல் விட்டு, எலும்பு நகராமல் நின்றிருந்தால் படத்தில் ஒன்றுமே தெரியாது. நெஞ்செலும்பை ஒட்டிய குருத்தெலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது, குருத்தெலும்புக்கு நிழல் இல்லை.

தேடுவதற்கு ஒழுங்கு ஒன்று வேண்டும். படத்தில் ஏறக்குறைய கிடையாக ஓடுவது விலாவின் பின்பகுதி, சரிந்து கீழே இறங்குவது முன்பகுதி. ஒவ்வொரு விலாவையும் முதுகெலும்பிலிருந்து தொடங்கி, மேல்விளிம்பை ஒருமுறை, கீழ்விளிம்பை ஒருமுறை கண்ணால் வருடிக்கொண்டு பக்கவாட்டு வளைவு வரை போக வேண்டும். விளிம்பு சட்டென்று அறுபட்டோ, படிக்கட்டு போல ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கியோ இருந்தால் அது முறிவு. ஃபிலிமைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து விலாக்களை நெட்டுக்குத்தாக ஆக்கிப் பார்ப்பது பழைய பழக்கம். கண் பழகிய கோலத்தை மறந்து விளிம்பை மட்டும் பார்ப்பதற்கு அது இன்றைக்கும் உதவுகிறது. நுரையீரல் குழாய் ஒன்று விலாவைக் குறுக்கே கடந்தால் முறிவு போலத் தோன்றும். அந்தக் கோடு விலாவின் எல்லையைத் தாண்டி வெளியே தொடர்ந்தால் அது முறிவு அல்ல.

விலாவை ஒட்டி, உள்பக்கமாக நுரையீரலுக்குள் மேடிட்டு நிற்கும் சிறு வெள்ளைப் பூச்சு ஒன்று தெரிந்தால் அங்கே நின்று பாருங்கள். முறிந்த இடத்தில் உறைக்கு வெளியே ரத்தம் கட்டியிருப்பதன் நிழல் அது. முறிவு தெரியாமல் இது மட்டும் தெரிவதும் உண்டு.

நம் பனையேறிக்கு ஆறாவது, ஏழாவது விலாக்களில் பக்கவாட்டு வளைவில் சிறு படி தெரிகிறது. தொட்டால் எட்டாவதிலும் வலிக்கிறது. எட்டாவது படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்காகச் சாய்த்துவைத்துத் தனியாக விலாப் படம் எடுக்க அவரைப் புரட்டவேண்டாம். எட்டாவதும் உடைந்ததாகவே கணக்கில் வையுங்கள், சிகிச்சை மாறப்போவதில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து எடுக்கும் படத்தில் அந்த இடத்தில் புது எலும்பு கட்டிப் புடைத்திருந்தால் உடைந்தது அப்போது தெரியும். அடுத்தடுத்து மூன்று விலாக்கள், ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் உடைந்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. நடுத்துண்டு மூச்சு இழுக்கும்போது உள்ளே போகும், விடும்போது வெளியே வரும். அதைப் படத்தில் அல்ல, சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். முதல் இரண்டு விலாக்கள் உடைந்திருந்தால் அடி மிகக் கடுமையானது என்று புரிந்துகொண்டு கழுத்தையும் பெரிய ரத்தக்குழாய்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

விலா உடைந்தவருக்கு நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுப்போடும் வழக்கம் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் வலி கொஞ்சம் குறையும், மூச்சும் சேர்ந்து குறையும். ஆழமாக மூச்சு இழுக்காத நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கி நிமோனியா வரும். வயதானவருக்கு விலா முறிவைவிட அதுதான் ஆபத்து. போதுமான வலிமாத்திரை கொடுத்து, தலையணையை வலிக்கும் இடத்தில் அணைத்துக்கொண்டு இருமச் சொல்வதுதான் சரியான வைத்தியம்.

நிற்கவைத்து எடுத்த படத்திலும் ஏமாற்றும் கோடுகள் உண்டு. தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு அச்சு அசலாக நுரையீரல் ஓரம் போல இறங்கும். அதை மேலிருந்து கீழே தொடர்ந்து பார்த்தால் எலும்போடு போய்ச் சேரும். மெலிந்த முதியவருடைய முதுகுத் தோல் கேசட்டில் மடிந்தால் வரும் நிழல்தான் மிக மோசம். அது கோடாக இருக்காது. ஒருபக்கம் படிப்படியாக வெளுத்து வந்து, சட்டென்று கறுப்பில் முடியும் ஒரு விளிம்பாக இருக்கும். அதற்கு வெளியேயும் ரத்தக்குழாய்கள் ஓடும், சில சமயம் நெஞ்சுக்கு வெளியே வரைக்கும் அந்த விளிம்பு நீளும். பின்னல், சேலை மடிப்பு, ஆக்சிஜன் குழாய் எல்லாமே கோடு போடும். தோல் மடிப்பை நிமோதொராக்ஸ் என்று நினைத்து, காற்றை வெளியேற்ற நெஞ்சுக்குள் குழாய் போட்டால், நன்றாக இருக்கும் நுரையீரலைக் கையாலேயே கிழித்ததாக ஆகும்.

கோடு உண்மையானது என்றால் அடுத்த கேள்வி எவ்வளவு என்பது. கண்ணுக்குத் தெரியும் இடைவெளி சிறிதாக இருந்தாலும் இழந்த கொள்ளளவு பெரிதாக இருக்கும். ரத்தக்குழாய்கள் நுரையீரலுக்குள் நுழையும் மையப்பகுதியின் மட்டத்தில் அளந்து பாருங்கள். நெஞ்சின் பாதி அகலம் 10 சென்டிமீட்டர், கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் 2 சென்டிமீட்டர் என்றால் நுரையீரலின் அகலம் 8. நுரையீரல் எல்லாப் பக்கமும் சுருங்குவதால் மூன்றுமுறை பெருக்க வேண்டும்: 8×8×8 என்றால் 512, 10×10×10 என்றால் 1000. ஏறக்குறைய பாதி போய்விட்டது. ஆனால் இந்த அளவு நிற்கவைத்து எடுத்த படத்துக்கு மட்டும்தான். படுத்த படத்தில் கோடே இல்லாதபோது எதை அளப்பது?

எந்த அளவாக இருந்தாலும், ஆள் மூச்சுத் திணறி, நாடி எகிறி, ரத்த அழுத்தம் விழுந்து, ஒருபக்கம் மூச்சு ஓசை கேட்காமல் போனால் எக்ஸ்ரே அறைக்கே அனுப்பக் கூடாது. காற்று உள்ளே போய் வெளியே வரமுடியாமல் இதயத்தை எதிர்ப்பக்கம் தள்ளி அழுத்துகிறது. மூச்சுக்குழலும் இதயமும் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, காற்று இருக்கும் பக்க உதரவிதானம் தட்டையாகிப் போன படத்தைப் பாடப்புத்தகத்தில் பார்க்கலாம். காசுவாலிட்டியில் அப்படி ஒரு படம் கைக்கு வந்தால், காற்றை வெளியேற்ற நெஞ்சில் ஊசி போடவேண்டிய நேரத்தில் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். பெரியவர்களுக்கு அந்த ஊசியை நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடுக்கில், அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் போடச் சொல்கிறது விபத்துச் சிகிச்சைக்கான ஏ.டி.எல்.எஸ் பாடம், 2018 முதல்.

நம் பனையேறி அந்த நிலையில் இல்லை. ஸ்கேனில் வலப்பக்கம் வழுக்கல் இல்லை, கல்லீரலைச் சுற்றி ரத்தம் இல்லை. முதுகெலும்பு சந்தேகம் தீரவில்லை, மதுரைக்கு அனுப்ப வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. சிறிய நிமோதொராக்ஸை ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பரமக்குடிக்கும் மானாமதுரைக்கும் நடுவில், ஆம்புலன்சுக்குள், அது பெரிதானால் செய்வதற்கு அங்கே கையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மூச்சு 26-ம் ஆக்சிஜன் 93-ம் இருக்கும் ஒருவருக்குக் குழாய் போட்டுவிட்டு அனுப்புவதே என் கட்சி. வழியில் செயற்கை மூச்சு கொடுக்க வேண்டிய நிலை வரலாம் என்று தோன்றினால் கேள்வியே இல்லை. கருவி அழுத்தித் தள்ளும் ஒவ்வொரு மூச்சும் கிழிசல் வழியே வெளியே போய்த் தேங்கும்.

குழாய் போட்டபின் எடுக்கும் படத்தில் பார்க்கவேண்டியது ஒன்றுதான் முக்கியம். குழாயின் நெடுகிலும் எக்ஸ்ரேயில் தெரியும் கோடு ஒன்று உண்டு, கடைசித் துளை இருக்கும் இடத்தில் அது அறுபட்டிருக்கும். அந்த அறுபட்ட இடம் விலாக்கூட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே நின்றால் நெஞ்சுக் காற்றுக்குப் பதில் தோலுக்கடியில் காற்று ஏறும். பயணத்தில், குழாயின் மறுமுனை முங்கியிருக்கும் தண்ணீர் பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே வைக்க வேண்டும், குழாயைக் கிளாம்ப் போட்டு அடைக்கக் கூடாது. தண்ணீர் மூச்சோடு ஏறி இறங்கினால் குழாய் வேலை செய்கிறது. சட்டென்று ஆட்டம் நின்றால் எங்கே மடங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நடந்து வந்து, நிற்கவைத்து எடுத்த படமும் நன்றாக இருந்து, வீட்டுக்குப் போகும் கடலோடிக்கு இன்னொரு விஷயம் சொல்லி அனுப்ப வேண்டும். காற்று மெதுவாகக் கசிந்து மறுநாள் தெரியவருவதும் உண்டு. நுரையீரல் கன்றியிருந்தால் அதன் வெள்ளைத் திட்டுகள் முதல் படத்தில் இல்லாமல், 24 முதல் 48 மணி நேரத்தில் வருவதும் உண்டு. விலா உடைந்தது தெரிந்தால் ஆறு மணி நேரம் வைத்திருந்து இன்னொரு படம் எடுத்துவிட்டு அனுப்புவது நல்லது. மூச்சு வாங்கினால், தோளில் வலி ஏறினால், தோல் நறநறத்தால் அன்றிரவே திரும்பி வர வேண்டும், காலைவரை காத்திருக்கக் கூடாது.

சங்கு குளிப்பவர்களுக்கும் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் தனிக் கணக்கு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே கம்ப்ரசர் குழாய் வழியே மூச்சு விடுபவருக்குப் பழைய கிழிசல் திறந்து 100 மில்லி காற்று உறைக்குள் கசிந்தால், மேலே வந்து சேரும்போது அது 200 மில்லியாக விரிந்திருக்கும். மூச்சடக்கி முங்குபவருக்கு இந்தப் பெருக்கம் இல்லை, ஆனால் ஆறாத கிழிசல் மூச்சை இறுக்கிப் பிடிக்கும்போது மறுபடி திறக்கும். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுவதும் விரிந்துவிட்டது என்பது முங்குவதற்கான அனுமதி அல்ல. அடிபட்டதால் வந்த நிமோதொராக்ஸ் ஆறியபின், சி.டி ஸ்கேனில் காற்றுப்பை எதுவும் மிஞ்சவில்லை என்றும், ஊதிப் பார்க்கும் சோதனையில் நுரையீரலின் வேலை சரியாக இருக்கிறது என்றும் நெஞ்சக மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் கடலுக்குள் இறங்கலாம். அடிபடாமல் தானாகவே நுரையீரல் சுருங்கியவர் என்றால் கம்ப்ரசர் குழாயோடு இறங்குவதையே விட்டுவிட வேண்டும்.